'ஒரு பட்டன் போதும்ணா!' – அரட்டைச் செய்தி கோரிக்கையாகும் விதம்

மருந்து மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்கள் கேட்பதைக் கேட்டு வந்து, டெவலப்பர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் காலை, சப்போர்ட் பிரிவில் இருந்த பெண் டெவலப்பர் குழுவின் மூத்தவருக்கு அலுவலக அரட்டையில் இப்படி எழுதினார்:

"அண்ணா, பர்ச்சேஸ் ரிப்போர்ட்ல எக்ஸெல் பட்டன் ஒண்ணு வேணும். கஸ்டமர்ஸ் ரொம்ப கேக்குறாங்க."

"பிடிஎஃப் இருக்கேம்மா?"

"அது வேலைக்கு ஆகலையாம். ஒரு பட்டன் போதும்ணா. கொஞ்சம் அர்ஜென்ட்."

"சரி, பாக்குறேன்."

இரண்டு பேருமே பொறுப்பானவர்கள். ஒருவர் வாடிக்கையாளருக்காகப் பேசினார், இன்னொருவர் மறுக்காமல் எடுத்துச் செய்தார். ஒன்பது நாளில் பட்டன் வந்துவிட்டது. அடுத்த மாதம் 15ஆம் தேதி, முதலில் கேட்ட அதே வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தார். "பட்டன் வந்துருச்சுங்க. ஆனா எங்க வேலை குறையலையே" என்றார்.

அந்த ஒன்பது நாள் உழைப்பு எங்கே போனது? யாருடைய திறமையிலும் குறை இல்லை. அந்த நாலு வரிச் செய்தியில், வாடிக்கையாளர் தன் சிக்கலுக்குத் தானே கண்டுபிடித்த தீர்வு மட்டும்தான் வந்து சேர்ந்தது. சிக்கல் வழியிலேயே தங்கிவிட்டது.

நாலு வரியில் இல்லாதவை

அந்த அரட்டையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். யார் கேட்கிறார்கள்? கடை முதலாளியா, கணக்காளரா, பில் போடுபவரா? எக்ஸெலில் எடுத்து என்ன செய்யப் போகிறார்? பிடிஎஃப் ஏன் ஆகவில்லை? 'ரொம்ப' என்றால் எத்தனை பேர்? 'அர்ஜென்ட்' என்றால் எந்தத் தேதி, அந்தத் தேதி தவறினால் என்ன ஆகும்? ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

இதைக் கோரிக்கையாக மாற்றி எழுதச் சொன்னால், பலர் செய்வது மொழிமாற்றம்தான். "கொள்முதல் அறிக்கையை எக்ஸெல் வடிவில் பதிவிறக்கும் வசதி தேவை. பல வாடிக்கையாளர்கள் கோரியுள்ளனர். முன்னுரிமை: உயர்வு" என்று எழுதிவிடுவார்கள். பேச்சுத்தமிழ் எழுத்துத்தமிழாகிவிட்டது, ஆனால் புதிதாக ஒரு தகவலும் சேரவில்லை. டெவலப்பர் இதைப் படித்தாலும் அதே பட்டனைத்தான் செய்வார்.

மென்பொருள் உலகில் 'யூசர் ஸ்டோரி' என்று ஒரு வடிவம் உண்டு. 2001 வாக்கில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவான மூன்று பகுதி வாக்கியம் அது: இன்ன வேலை செய்யும் எனக்கு, இன்னது வேண்டும், இன்ன காரியத்துக்காக. இந்த மூன்றில் உயிர் இருப்பது மூன்றாவதில். அவசரத்தில் எழுதும்போது முதலில் பழுதாவதும் அதுதான். "கணக்காளரான எனக்கு எக்ஸெல் பட்டன் வேண்டும், எக்ஸெலில் எடுப்பதற்காக" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். வடிவம் நிரம்பிவிட்டது, காரியம் காலியாகவே கிடக்கிறது.

அந்த இடத்தை நிரப்ப, நாம் மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டும். நான் திருச்சிக்குப் பேருந்து ஏறினேன்.

ஸ்கேலும் பச்சைப் பேனாவும்

மருந்துக் கடையின் மாடியில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் கணக்காளரின் மேசை. அறுபது வயதைத் தொட்டவர். "பட்டன் எதுக்குன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றதும், "கேக்குறதவிடப் பாருங்க தம்பி" என்று பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டார்.

மேசையில் இரண்டு அச்சுக் கட்டுகள். இடது பக்கம் எங்கள் மென்பொருளின் கொள்முதல் பதிவேடு. வலது பக்கம் ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய 2பி அறிக்கை. இடது தாளில் ஒரு பில்லின் கீழே ஸ்கேலை வைப்பார். வலது தாளில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடுவார். தொகையும் வரியும் ஒத்துவந்தால் இரண்டிலும் பச்சைப் பேனாவால் டிக் அடிப்பார். ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கும். அந்த மாதம் 620 கொள்முதல் பில்கள். ஒன்றுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் ஆனது. கணக்குப் போட்டால் 930 நிமிடம், அதாவது பதினைந்தரை மணி நேரம். மாதாமாதம் இரண்டு முழு வேலைநாள்.

இதை ஏன் செய்ய வேண்டும் என்பதைச் சொன்னால்தான் அந்த ஸ்கேலின் பாரம் புரியும். கடைக்காரர் மருந்து வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, தான் விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். கணக்காளர்கள் இதை 'இன்புட் எடுப்பது' என்பார்கள். ஆனால் கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. விற்ற கம்பெனி அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டி, அது நம்முடைய 2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு, முந்தைய மாதத்தின் 2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகிறது. வரி கட்டும் படிவமான 3பி-யை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆக, கணக்காளருக்குக் கிடைப்பது ஆறே நாள். அதில் ஒரு ஞாயிறு வந்தால் ஐந்து.

பிடிஎஃப் ஏன் ஆகவில்லை என்பது இப்போது விளங்கியது. அதை எக்ஸெலில் ஒட்டித் தேட முடியாது. எக்ஸெல் கோப்பு இருந்தால் இரண்டு பட்டியலையும் கணினியே ஒப்பிட்டுவிடும் என்று அவருடைய மருமகன் சொல்லியிருக்கிறார். அந்த யோசனைதான் தொலைபேசி வழியாக எங்கள் சப்போர்ட்டுக்கு வந்து, 'எக்ஸெல் பட்டன்' என்று அரட்டையில் இறங்கியிருக்கிறது.

பட்டன் வந்தும் ஏன் உதவவில்லை?

பட்டன் வந்த மாதம், மருமகன் இரண்டு கோப்புகளையும் பில் எண்ணை வைத்து ஒப்பிட்டிருக்கிறார். 620-ல் 388 மட்டுமே பொருந்தின. 232 பில் பொருந்தவில்லை என்று வந்தது. பெரியவர் மறுபடி ஸ்கேலை எடுத்துவிட்டார்.

அந்த 232-ஐயும் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். விற்ற கம்பெனியின் பில்லில் எண் இப்படி இருந்தது:

```
MD/0457/24-25
```

எங்கள் மென்பொருளில் பில்லைப் பதிவு செய்தவர் வெறும் 457 என்று தட்டியிருந்தார். சிலவற்றில் 0457 என்று சரியாக இருந்தும், கோப்பை எக்ஸெல் திறக்கும்போது முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தின்றுவிட்டிருந்தது. 3-12 என்ற பில் எண் ஒன்று தேதியாகவே மாறிவிட்டது. எண் எழுதிய விதம் மட்டுமே வேறுபட்டு, மற்றெல்லாம் சரியாக இருந்த பில்கள் 201. மிச்சம் 31-ல்தான் உண்மையான சிக்கல்: 22 பில்களை விற்ற கம்பெனி இன்னும் காட்டவில்லை, 9 பில்களில் தொகையோ ஜிஎஸ்டி எண்ணோ தவறு.

31 பில்லைக் கண்டுபிடிக்க 620 பில்லையும் ஒரு மனிதர் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார். பேருந்தில் திரும்பும்போது குறிப்பேட்டில் இந்த ஒரு வரியைத்தான் முதலில் எழுதினேன். எழுத வேண்டிய கோரிக்கையின் மையம் அதுவே.

பாதிப்பை எண்ணுவது

சிக்கலைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்தது பாதிப்பு. இங்கே மிகைப்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். "வாடிக்கையாளர்களுக்கு லட்சக்கணக்கில் நஷ்டம்" என்று எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று தோன்றும். டெவலப்பர் ஒருமுறை அதை நம்புவார். அது பொய் என்று தெரிந்தபின், நம் அடுத்த பத்துக் கோரிக்கைகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

திருச்சிக் கடையில் அந்த மாதம் 20ஆம் தேதி மாலை வரை சில பில்கள் தீர்க்கப்படாமல் நின்றன. அவற்றின் வரி 41,300 ரூபாய். அந்த இன்புட்டை எடுக்காமல், அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்டினார்கள். இது நஷ்டமா? அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக, நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே அது இழந்த பணம் கிடையாது, ஒரு மாதம் முடங்கிய பணம். ஒத்துப்பார்க்காமல் துணிந்து எடுத்துப் பயன்படுத்தி, பிறகு தவறென்று தெரிந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில்தான் பெரியவர் ஒரு பில்லையும் விடாமல் பார்க்கிறார். கோரிக்கையில் 'முடங்கிய பணம்' என்றுதான் எழுதினேன். சரியான சொல்லே போதுமான எடை தாங்கும்.

அடுத்த கேள்வி, எத்தனை பேருக்கு. 'கஸ்டமர்ஸ் ரொம்ப கேக்குறாங்க' என்று எழுதிய பெண்ணிடம் கேட்டேன். அன்று காலை இரண்டு பேர் அடுத்தடுத்து அழைத்திருக்கிறார்கள். காதில் அது 'ரொம்ப' என்று விழுந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து ஆறு மாதத்து சப்போர்ட் டிக்கெட்டுகளில் தேடினோம். 'எக்ஸெல்' என்று தேடியபோது 9 வந்தது. ஆனால் ஒரே வலியை ஆளுக்கொரு சொல்லில்தான் சொல்வார்கள். '2பி', 'மேட்ச்', 'டேலி ஆகல' என்றெல்லாம் தேடியதும் மொத்தம் 34 டிக்கெட்டுகள் கிடைத்தன. ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்டதைக் கழித்தால் 19 வாடிக்கையாளர்கள். எங்களிடம் அப்போது இருந்தவர்கள் 140 பேர்.

அந்த 19 பேரில் 6 பேருடன் தொலைபேசியில் பேசினேன். "எக்ஸெல் எடுத்து என்ன செய்வீங்க? போன மாசம் கடைசியா அத எப்ப செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். "இந்த வசதி வந்தா நல்லாயிருக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. போன மாதம் நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். 6 பேரில் 5 பேருக்கு 2பி ஒப்பீடுதான் சிக்கல். ஆறாமவருக்கு எக்ஸெல் வேண்டியிருந்தது வேறொன்றுக்கு: மருந்துக் கம்பெனிக்கு இருப்புப் பட்டியல் அனுப்ப. சொல் ஒன்றாக இருந்தாலும் தேவை வேறு. அவருடையதைத் தனிக் கோரிக்கையாகப் பிரித்து வைத்தோம்.

எழுதிய கோரிக்கை

இவ்வளவும் சேர்ந்த பிறகு எழுதியது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதை அப்படியே தருகிறேன்.

*தலைப்பு:* கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒத்துப்பார்க்கக் கணக்காளருக்கு மாதம் 2 நாள் போகிறது.

*யாருக்கு:* மாதம் 300 பில்லுக்கு மேல் கொள்முதல் செய்யும் மொத்த மருந்துக் கடைகளின் கணக்காளர்களுக்கு. பெரும்பாலும் கடைக்கு ஒருவர்தான்.

*சிக்கல்:* 14 முதல் 20ஆம் தேதிக்குள், எந்தெந்த பில் 2பி-யில் வரவில்லை அல்லது தவறாக வந்திருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். நேரில் பார்த்த கடையில் அப்படிப்பட்டவை 620-ல் 31 மட்டுமே. ஆனால் அந்த 31-ஐப் பிரித்தெடுக்க அவரிடம் வழியில்லை. எங்களிடம் பதிவான பில் எண்ணும் 2பி-யில் உள்ள எண்ணும் 201 பில்களில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருந்தன.

*இப்போது எப்படிச் சமாளிக்கிறார்:* இரண்டையும் அச்செடுத்து வரிவரியாக ஒப்பிடுகிறார். புதிய எக்ஸெல் பட்டனைப் பயன்படுத்திப் பார்த்து, 232 பில் பொருந்தவில்லை என்று வந்ததால் கைவிட்டார்.

*பாதிப்பு:* மாதம் சுமார் 15 மணி நேரம். அந்த மாதம் 41,300 ரூபாய் வரி வரவு எடுக்க முடியாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. இழப்பு அல்ல, முடக்கம். இதே சிக்கலோடு 6 மாதத்தில் எழுதியவர்கள் 140-ல் அதிகபட்சம் 18 பேர்.

*எப்படித் தெரியும்:* ஒரு கடையில் நேரில் பார்த்தது. 6 பேருடன் பேசியதில் 5 பேர் உறுதி செய்தது. மற்ற 13 பேர் பற்றி டிக்கெட்டில் படித்தது மட்டுமே. நேரமும் தொகையும் ஒரே கடையின் கணக்கு.

*எப்போதைக்குள்:* ஏதாவது ஒரு மாதத்தின் 14ஆம் தேதிக்கு முன். 21ஆம் தேதி கொடுத்தாலும் அடுத்த மாதம் 13ஆம் தேதி கொடுத்தாலும் வாடிக்கையாளருக்கு ஒன்றுதான்.

*நிறைவேறியதா என்று பார்க்கும் விதம்:* அதே கடையில் அதே அளவு பில்களுக்கு, ஒத்துப்பார்க்கும் வேலை 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். எண் எழுதிய விதம் மட்டும் வேறுபட்ட பில்கள் 'பொருந்தாதவை' பட்டியலில் வரக்கூடாது.

*கூடாதது:* பொருந்தாத பில்லைப் பொருந்தியதாகக் காட்டக் கூடாது. ஒரே கம்பெனியிடமிருந்து ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு பில் வருவதுண்டு. சந்தேகமானால் கணக்காளரிடம் காட்டி முடிவை அவருக்கு விட வேண்டும்.

*இதில் சேராதது:* ஜிஎஸ்டி தளத்தின் ஐஎம்எஸ் பக்கத்தில் பில்லை ஏற்பது, நிராகரிப்பது. இருப்புப் பட்டியல் எக்ஸெல், அது தனிக் கோரிக்கை.

*வாடிக்கையாளர் சொன்ன வழி:* எக்ஸெல் பட்டன்.

கடைசி வரியைப் பாருங்கள். வாடிக்கையாளர் சொன்ன தீர்வை நான் அழிக்கவில்லை. அவர் தன் அனுபவத்திலிருந்து சொன்னது, அதில் ஒரு துப்பு இருக்கும். ஆனால் அது தலைப்பில் உட்காராமல், ஒரு யோசனையாகக் கடைசியில் இருக்கிறது. 'எப்படித் தெரியும்' என்ற பகுதியும் முக்கியம். 18 பேர் என்று மட்டும் எழுதியிருந்தால், 18 பேரிடமும் பேசியதாக டெவலப்பர் எடுத்துக்கொள்வார். பார்த்தது எவ்வளவு, கேட்டது எவ்வளவு, படித்தது எவ்வளவு என்று பிரித்தால், எங்கே இன்னும் விசாரிக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

டெவலப்பர் கேட்ட ஒரு கேள்வி

கோரிக்கையைப் படித்த மூத்த டெவலப்பர், பட்டனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பதிவு பண்றவங்க ஏன் 457னு மட்டும் போடுறாங்க? சோம்பலா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. திருச்சிக்கு அழைத்துக் கேட்டோம். பதிவு செய்யும் பையன் சொன்னான்: "முழுசா அடிச்சா ஏத்துக்காதுண்ணே. பாதியில நின்னுரும்."

டெவலப்பர் உடனே பழைய நிரலைத் திறந்தார். எங்கள் கொள்முதல் திரையில் பில் எண்ணுக்கான கட்டம் பத்து எழுத்துகளை மட்டுமே ஏற்றது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வருவதற்கு முன்பே எழுதப்பட்ட திரை அது. ஜிஎஸ்டி விதியோ ஒரு பில் எண் 16 எழுத்து வரை இருக்கலாம் என்கிறது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு எல்லாம் வரலாம். நான் மேலே காட்டிய எண்ணில் 13 எழுத்துகள். அது எங்கள் கட்டத்தில் நுழையவே முடியாது. அதனால்தான் முன்னும் பின்னும் விட்டுவிட்டு, நடுவில் இருந்த எண்ணை மட்டும் தட்டிப் பழகியிருக்கிறார்கள்.

சிக்கலின் வேர் எங்கள் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. எந்த வாடிக்கையாளரும் 'கட்டத்தைப் பெரிதாக்குங்கள்' என்று கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, அவர்கள் பார்வையில் அந்தக் கட்டம் அப்படித்தான். எக்ஸெல் பட்டன் கேட்ட அரட்டையிலிருந்து இந்த வேருக்குப் போக வழியே இல்லை. '201 பில்களில் எண் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருந்தன' என்ற ஒரு வரியிலிருந்து அவர் இரண்டே கேள்வியில் போய்விட்டார்.

கட்டத்தை 16 எழுத்தாக்கி, அதைச் சார்ந்த அறிக்கைகளைச் சரிசெய்ய ஒன்றரை நாள் ஆனது. பிறகு 2பி கோப்பை மென்பொருளுக்குள்ளேயே ஏற்றி ஒப்பிடும் திரையைச் செய்தார்கள். முதலில் விற்றவரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண், பிறகு தேதி, தொகை, வரி, கடைசியாக பில் எண் என்ற வரிசையில் அது பொருத்திப் பார்க்கும். ஐயமானவற்றை மஞ்சளில் காட்டும். இரண்டாவது மாதம் திருச்சியிலிருந்து பெரியவர் அழைத்தார். வேலை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்ததாம். ஸ்கேல் இன்னும் மேசையில் இருக்கிறது, மஞ்சள் வரிகளுக்கு மட்டும் எடுக்கிறாராம்.

எழுதியபின் சோதிக்க மூன்று கேள்விகள்

இந்த அனுபவத்துக்குப் பிறகு, எழுதிய ஒவ்வொரு கோரிக்கையையும் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது: 'சிக்கல்' என்ற பகுதியில் பட்டன், திரை, அறிக்கை என்று ஏதாவது ஒரு பொருளின் பெயர் வந்திருக்கிறதா? "எக்ஸெல் பட்டன் இல்லாததால் வாடிக்கையாளர் சிரமப்படுகிறார்" என்பது சிக்கலின் வேடத்தில் வந்த தீர்வு. 'இல்லாததால்' என்ற சொல் வந்தாலே நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பொருளின் பெயரை அடித்துவிட்டு வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் இன்னும் விசாரிக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது: இதைப் படிக்கும் டெவலப்பர் குறைந்தது இரண்டு வெவ்வேறு வழிகளை யோசிக்க முடியுமா? ஒரே வழிதான் தோன்றும் என்றால், நாம் கோரிக்கை எழுதவில்லை, உத்தரவு எழுதியிருக்கிறோம். கட்டத்தைப் பெரிதாக்குவது, ஒப்பீட்டுத் திரை, எக்ஸெல் கோப்பில் பூஜ்யம் விழாமல் காப்பது என்று எங்கள் கோரிக்கையிலிருந்து மூன்று வழிகள் கிளைத்தன.

மூன்றாவது: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால் பதில் இருக்கிறதா? பதில் இல்லாத எண்ணை எடுத்துவிட்டு, 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதுவது மேல்.

எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை. திரையில் எழுத்துப்பிழை இருந்தால் படம் எடுத்து அனுப்பினால் போதும். பில்லே போட முடியாமல் கடை நின்றுகிடந்தால், எழுத உட்காராமல் உடனே அழைக்க வேண்டும். டெவலப்பரின் இரண்டு மூன்று நாளைச் சாப்பிடக்கூடிய எதற்கும், முதலில் அரை நாள் விசாரித்து எழுதுவது அந்த ஒன்பது நாளை மிச்சப்படுத்தும்.

அரட்டையும் ஒழிந்துபோக வேண்டியதில்லை. செய்தி முதலில் அங்கேதான் வரும். அந்தப் பட்டன் கேட்ட பெண், சில மாதம் கழித்து அதே டெவலப்பருக்கு அனுப்பிய செய்தியை அவர் எனக்குக் காட்டினார்:

"அண்ணா, மூணு கடையில ஒரே விஷயம் சொல்றாங்க. எக்ஸ்பைரி ஆன மருந்தத் திருப்பி அனுப்பும்போது பேட்ச் நம்பர் தேட ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம் ஆகுதாம். நாளைக்கு ஒரு கடைக்குப் போய் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். பாத்துட்டு எழுதுறேன். அதுவரைக்கும் எதுவும் செய்யாதீங்க."

"சரிம்மா. போறப்ப, பேட்ச் நம்பர எங்க பாத்து அடிக்கிறாங்கன்னு மட்டும் கவனிச்சிட்டு வா" என்று அவர் பதில் எழுதியிருந்தார்.